வைஃபையில் யார் யார்? ரவுட்டர் பக்கமா, போன் செயலியா, லேப்டாப் ஸ்கேனா

தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் அக்கா வீடு. கீழே அவர்கள் குடியிருக்கிறார்கள், மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது மாமா கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, நம்ம நெட்டை யாரோ இழுக்கிறாங்கன்னு தோணுது. ராத்திரியானா படம் சுத்திக்கிட்டே நிக்குது. கண்டுபிடிக்க முடியுமா?" என்பதுதான். வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். மாமாவின் பத்து இலக்க செல்போன் எண். இணைப்புக் கொடுக்க வந்த பையன் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நம் ஊர்ப் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் நிலை. வாடகைக்கு இருப்பவர்கள், பால்காரர், கேஸ் போடுபவர் என எல்லோரிடமும் அந்த எண் இருக்கிறது.

கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு: ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்ப்பது, போனில் ஒரு ஸ்கேன் செயலி போடுவது, லேப்டாப்பில் கட்டளை கொடுத்துத் தேடுவது. அன்றிரவு மூன்றையும் அதே வீட்டில், அதே நேரத்தில் செய்து பார்த்தேன். மூன்றும் மூன்று விதமான பட்டியலைக் கொடுத்தன. ஏன் அப்படி என்பது புரியாவிட்டால், உங்கள் வீட்டு டிவியையே திருடன் என்று நினைத்துவிடுவீர்கள், அல்லது உண்மையில் ஒட்டியிருப்பவரைத் தவறவிடுவீர்கள்.

எந்த வழியாக இருந்தாலும் முதலில் ஒரு காகிதத்தில் உங்கள் வீட்டுக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதியது: அக்கா போன், மாமா போன், மருமகன் போன், என் போன், லேப்டாப், டிவி, கேமராவின் டிவிஆர். மொத்தம் 7. "அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

ரவுட்டர் பக்கம்

ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.0.1` ஆக இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் விண்டோஸ் லேப்டாப்பில் `ipconfig` என்று அடித்து `Default Gateway` என்ற வரியைப் பாருங்கள். அந்த எண்ணை பிரவுசரில் அடித்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அது வைஃபை பாஸ்வேர்டு அல்ல. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். இல்லையென்றால் இணைப்புக் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

உள்ளே போனால் இரண்டு பட்டியல்கள் இருக்கும். பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான். ஒன்று `DHCP Client List` போன்ற பெயரில் இருக்கும். ரவுட்டர் யார் யாருக்கு முகவரி எண் ஒதுக்கிக் கொடுத்தது என்பதன் பதிவேடு அது. லாட்ஜில் அறை எடுத்தவர்களின் பதிவேடு மாதிரி. ஒருவர் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாலும் பதிவு முடியும் வரை பெயர் அதில் இருக்கும். பல ரவுட்டர்களில் அந்தக் கெடு 24 மணி நேரம். இன்னொன்று `Wireless Clients`, `Associated Devices`, `WLAN Stations` என்பது போன்ற பெயரில் இருக்கும். இந்த நிமிடத்தில் வைஃபையில் ஒட்டியிருப்பவர்கள் மட்டுமே அதில் வருவார்கள். ரவுட்டர் ஒளிபரப்பும் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் பல ரவுட்டர்களில் தனித்தனிப் பட்டியல் இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும்.

இரவு பத்தரை மணிக்கு அக்கா வீட்டில் முதல் பட்டியலில் 13 வரிகள் இருந்தன. மாமா முகம் மாறிவிட்டது. "ஆறு பேரா?"

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு வரியில் `ESP_` என்று தொடங்கும் பெயர் இருந்தது. அது எஸ்பிரெசிஃப் என்ற நிறுவனம் செய்யும் சின்ன வைஃபை சிப்பின் பெயர். விலை குறைந்த வைஃபை பல்பு, பிளக், சுவிட்ச் பலவற்றுக்குள் அதுதான் இருக்கும். எழுந்துபோய்ப் பார்த்தால் வாசல் திண்ணைக்கு மேலே, மாமா தீபாவளி சமயத்தில் வாங்கி மாட்டிய கலர் பல்பு. இன்னொரு வரி, கல்லூரிக்குப் போகும் அக்கா மகளின் போன். அவள் அன்று காலையில்தான் ஓசூர் பஸ் ஏறினாள், பதிவு மட்டும் மிச்சம். மூன்றாவது, பாட்டி சாமிப் பாட்டு கேட்பதற்கென்று கொடுத்து வைத்திருந்த பழைய போன். அதை யாரும் கணக்கில் எழுதவே இல்லை.

நான்காவதுதான் நின்று பார்க்க வேண்டியது. பெயர் இல்லை, மேக் முகவரி மட்டும் `D6:` என்று தொடங்கியது. மேக் முகவரி என்பது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள 12 எழுத்து அடையாள எண். முன்பெல்லாம் அதன் முதல் ஆறு எழுத்தை வைத்தே எந்தக் கம்பெனிக் கருவி என்று சொல்லிவிடலாம். இப்போது போன்களில் அது செல்லாது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் போன் தானே ஒரு பொய் எண்ணை உருவாக்கிக் கொடுக்கிறது. அதை அடையாளம் காண ஒரு எளிய வழி: இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது உருவாக்கிய எண். `D6`-ல் இரண்டாவது 6. ஆக, அது ஏதோ ஒரு புதிய போன் என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்லாது.

யாருடையது என்று கண்டுபிடிக்க எண்ணிலிருந்து ஆளைத் தேடக் கூடாது, ஆளிடமிருந்து எண்ணைத் தேட வேண்டும். ஒவ்வொரு போனிலும் வைஃபை அமைப்பில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால், அந்த வைஃபைக்கு அது கொடுக்கும் மேக் முகவரி தெரியும். அதைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டியதுதான். மருமகன் போனைத் திறந்தேன். இப்போது இருப்பது வேறு எண், `D6` அல்ல. ஆனால் அந்த வீட்டு ரவுட்டர் இரண்டு பெயரில் ஒளிபரப்புகிறது, ஒன்று சாதாரணப் பெயர், இன்னொன்று முடிவில் `_5G` போட்ட பெயர். பையன் பகலில் பின்னறையில் முதல் பெயரில் இருந்தான், மாலையில் கூடத்துக்கு வந்ததும் மற்றதில் ஏறினான். ஒவ்வொரு பெயருக்கும் தனி எண் என்பதால் ஒரே போன் இரண்டு ஆளாகப் பதிவேட்டில் உட்கார்ந்திருந்தது. பழைய பெயரில் மறுபடி இணைக்கச் சொன்னேன், `D6` எண் வந்தது. "அடுத்த வீட்டான் ஒட்டியிருக்கிறான்" என்று வரும் புகார்களில் நான் நேரில் பார்த்தவற்றில் பல, இப்படி வீட்டுப் பிள்ளைகளின் போன்களாகவே முடிந்திருக்கின்றன.

மிச்சம் இரண்டு வரிகள். ஒன்றின் பெயர் `Redmi` என்று தொடங்கியது, மற்றதற்குப் பெயரே இல்லை. வீட்டில் யாரிடமும் அந்தப் போன் இல்லை.

போன் செயலி

ஃபிங் போன்ற செயலியைப் போட்டு ஸ்கேன் என்று தொட்டால் அரை நிமிடத்தில் படத்தோடு பட்டியல் வரும். டிவிக்கு டிவி படம், பிரின்டருக்குப் பிரின்டர் படம். ரவுட்டரின் கடவுச்சொல் தெரியாதவர்களுக்கு இதுதான் ஒரே எளிய வழி. பழகுவதற்கும் நன்றாக இருக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அது வேலை செய்யும் முறை வேறு. ரவுட்டரின் பதிவேட்டை அது பார்ப்பதில்லை. தெருவில் நின்று ஒவ்வொரு கதவையும் தட்டி, யார் குரல் கொடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்கிறது. திரை அணைந்து தூங்கிக் கொண்டிருக்கும் போன் பல நேரம் குரல் கொடுக்காது. புதிய ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் மற்றக் கருவிகளின் மேக் முகவரியைச் செயலிகள் படிக்க அனுமதி இல்லை. அதனால் பெயரையும் வகையையும் செயலி ஊகித்துத்தான் போடுகிறது. "ஜெனரிக்" என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அதற்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

அக்கா வீட்டில் செயலி 10 என்று காட்டியது. ரவுட்டரின் இரண்டாவது பட்டியல், அதாவது அந்த நிமிடம் ஒட்டியிருப்பவர்கள், அதிலும் 10. எண் சரியாக இருக்கிறதே என்று அங்கேயே நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்போம். செயலியின் 10-ல் ரவுட்டரும், கேபிளில் இணைந்த டிவிஆரும் சேர்த்தி. ரவுட்டரின் வைஃபை பட்டியலில் அவை இரண்டும் வராது. அந்த இடத்தில் செயலி விட்டுவிட்ட இரண்டு பேர், பாட்டியின் பழைய போனும், தெரியாத இரண்டில் பெயர் இல்லாததும். அந்த நேரம் இரண்டும் தூங்கிக் கொண்டிருந்தன. நாம் தேடுகிற ஆளையே செயலி தவறவிட்டது.

லேப்டாப் ஸ்கேன்

லேப்டாப் இருந்தால் `arp -a` என்று அடித்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது அந்த லேப்டாப் சமீபத்தில் பேசியவர்களை மட்டும் காட்டும், முழு வீட்டையும் அல்ல. அதை மட்டும் நம்ப வேண்டாம். என்மேப் என்ற இலவச நிரலை நிறுவி இப்படிக் கொடுத்தால் நன்றாகத் தேடும்:

```
nmap -sn 192.168.1.0/24
```

உங்கள் ரவுட்டரின் முகவரி `192.168.0.1` என்றால் எண்ணை அதற்கேற்ப மாற்றிக் கொள்ளுங்கள். லினக்ஸில் முன்னால் `sudo` சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேக் முகவரி வராது. இதுவும் கதவு தட்டும் முறைதான், ஆனால் தட்டுவது கொஞ்சம் பலமாக. ஒரே வீட்டு வலைக்குள் இருக்கும் கருவி, ஃபயர்வால் போட்டு மற்ற கேள்விகளைத் தடுத்தாலும், "இந்த எண் யாருடையது" என்ற அடிப்படைக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். என்மேப் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். அக்கா வீட்டில் முதல் முறை 11 காட்டியது, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை கொடுத்ததும் 12. வைஃபையில் இருந்த 10, அதோடு ரவுட்டர், டிவிஆர். கணக்கு நேரானது. தூங்கும் போன்கள் இருப்பதால் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

இந்த வழிக்கும் ரவுட்டர் பக்கத்துக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்கேன் என்பது நீங்கள் ஓட்டிய அந்த நிமிடத்துப் புகைப்படம். பக்கத்து வீட்டுக்காரர் பகல் 3 மணிக்கு வந்துவிட்டுப் போனால் இரவு ஸ்கேன் அவரைக் காட்டாது, ரவுட்டரின் பதிவேடு காட்டும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் பல மாடல்களில் அந்தப் பதிவேடு அழிந்துவிடும், அதனால் சந்தேகம் வந்தவுடன் ஸ்விட்சை நிறுத்தாதீர்கள், முதலில் பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியாட்களுக்கென்று தனிப் பெயரில் விடும் கெஸ்ட் வைஃபை போட்டிருந்தால், அதில் இருப்பவர்களை உங்கள் வைஃபையிலிருந்து ஓட்டும் ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது, ரவுட்டர் அந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்.

மூன்று வழிக்கும் பொதுவான ஒரு ஓட்டை உண்டு. பக்கத்து வீட்டில் உங்கள் வைஃபையை இன்னொரு ரவுட்டரில் வாங்கி, அதிலிருந்து தன் வீடு முழுக்கக் கொடுத்தால், ஐந்து போன் ஓடினாலும் உங்கள் பக்கம் ஒரே ஒரு கருவியாகத்தான் தெரியும். ரிப்பீட்டர் வகைக் கருவியாக இருந்தால் ஒரே மேக் முகவரிக்கு ரவுட்டர் ஒதுக்கிய முகவரி எண்கள் இரண்டு மூன்று இருப்பது அதற்கு அடையாளம். சொந்த வீட்டில் நீங்களே ரிப்பீட்டர் மாட்டியிருந்தாலும் இப்படித்தான் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

ரவுட்டரில் விளக்கு சிமிட்டுவதை வைத்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். "எல்லா போனையும் அணைச்சிட்டேன், இன்னும் லைட் அடிக்குது" என்பார்கள். டிவிஆர், பல்பு, டிவியின் தானியங்கி அப்டேட், எல்லாமே அதைச் சிமிட்ட வைக்கும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

யார் என்று அறிவது

எனக்கு இதில் தெளிவான கருத்து இருக்கிறது: ரவுட்டர் பக்கம் திறக்க முடிந்தால் அதுவே போதும், மற்ற இரண்டும் உதவிக்கு. காரணம், சில ரவுட்டர்களின் வைஃபை பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் சிக்னல் பலமும் எழுதியிருக்கும். அந்தத் தகவல் செயலியிலோ ஸ்கேனிலோ கிடைக்காது.

அந்த எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 35, 40 என்றால் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மைனஸ் 70-ஐத் தாண்டினால் சுவரோ தளமோ நடுவில் இருக்கிறது. நாங்கள் வீட்டுப் போன்கள் எல்லாவற்றையும் ஏரோப்ளேன் மோடில் போட்டு மேசையில் வைத்தோம். லேப்டாப்பைக் கேபிளில் மாற்றி வைஃபையை நிறுத்தினோம், டிவியின் பிளக்கைப் பிடுங்கினோம். இரண்டு நிமிடம் பொறுத்துப் பட்டியலைப் புதுப்பித்தேன். பல்பு ஒன்று, தெரியாத இரண்டு, ஆக மூன்று வரிகள் மட்டும். பல்பு மைனஸ் 58. தெரியாதவை மைனஸ் 71, மைனஸ் 73. என் போனை மட்டும் வைஃபையில் இணைத்து மாடிப்படியில் பாதி ஏறி நின்றேன், மருமகன் கீழே இருந்து மைனஸ் 66 என்றான். மாடிக் கதவருகே போனபோது மைனஸ் 72. ஒவ்வொரு போனின் ஆன்டெனாவும் வேறு என்பதால் இது அளவுகோல் அல்ல, ஆனால் முதலில் மாடியைச் சந்தேகிக்கலாம் என்று ஊகிக்க இது உதவும்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மறுபடி திறந்து பார்த்தேன். இரண்டில் `Redmi` மட்டும் இல்லை. மாடியில் ஒரு போர்ஷனில் இருப்பவர் ஒன்பது மணி வாக்கில் வேலைக்குக் கிளம்புகிறவர். மருமகன் அப்போது என்னிடம் மெல்லச் சொன்னான்: "மாமா, மேல் வீட்டுத் தம்பிக்கு நான்தான் கியூஆர் காட்டினேன். பரீட்சைக்கு நோட்ஸ் டவுன்லோட் பண்ணணும்னு கேட்டான்." ஆண்ட்ராய்டில் வைஃபை பகிர்வு கியூஆரைக் காட்டினால் பாஸ்வேர்டு அப்படியே அதற்குள் இருக்கிறது. அந்தப் பையன் அப்பா போனிலும் ஏற்றிவிட்டான்.

ஆனால் மாமாவின் புகாரை இதோடு முடிக்க முடியவில்லை. ஒரு ஹெச்டி படம் ஓட ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். அந்த வீட்டுத் திட்டம் 50. மேலே இரண்டு போனில் படம் ஓடினாலும் கீழே டிவி சுற்ற வேண்டியதில்லை. லேப்டாப்பைக் கேபிளில் போட்டு வேகம் பார்த்தேன், இரவு பத்தரைக்கும் 47 வந்தது. டிவியிலேயே பிரவுசரைத் திறந்து வைஃபையில் பார்த்தால் 6, அதுவும் ஏறி இறங்கியபடி. டிவி இருக்கும் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவே இரண்டு சுவரும் ஒரு இரும்பு பீரோவும் இருந்தன, டிவி 2.4-ல் ஒட்டியிருந்தது. நெட் மெதுவானதற்குக் காரணம் பீரோ, மாடிப் பையன் இல்லை. மாமாவிடம் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் மாடிக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பார். மெதுவாக ஓடுகிறது என்பதற்காக மட்டும் பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட வேண்டாம், முதலில் கேபிளில் ஒருமுறை வேகம் பாருங்கள்.

பிறகு என்ன செய்வது

அந்த மேக் முகவரியைத் தடுத்துவிடலாம் என்றான் மருமகன். நான் வேண்டாம் என்றேன். போன் அமைப்பில் உருவாக்கிய எண்ணுக்குப் பதில் அசல் எண் என்று ஒரு தொடுதலில் மாற்றினால் ரவுட்டருக்கு அது புதிய ஆள், உள்ளே வந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றுவதுதான் உண்மையான தீர்வு. அதற்குச் செலவு, எல்லாக் கருவியிலும் மறுபடி போட வேண்டும். போன்கள் ஐந்து நிமிடம். வைஃபை பல்பைத்தான் அதன் செயலியில் முதலிலிருந்து இணைக்க வேண்டியிருந்தது, அதற்கே அரை மணி நேரம் போனது. கூடவே ரவுட்டரில், பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியை இணைக்க உதவும் `WPS` என்பதை அணைத்தோம். அதன் 8 இலக்க பின் எண்ணை முயன்று முயன்று கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்த குறை. ரவுட்டர் உள்நுழைவுக் கடவுச்சொல்லையும் மாற்றினோம். பாஸ்வேர்டு மாற்றிய இரண்டு மூன்று நாளில் பழைய ஆள் மறுபடி பட்டியலில் வந்தால், வீட்டுக்குள்ளிருந்து யாரோ கியூஆர் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்கா மட்டும் வேறு மாதிரி யோசித்தாள். "மேல பையன் பன்னெண்டாவது படிக்கிறான், அறுத்துவிட்டா அவங்கம்மா முகத்தை நான் தினம் தண்ணி பிடிக்கிறப்ப பாக்கணும்." அதனால் கெஸ்ட் வைஃபை திறந்து தனிப் பாஸ்வேர்டு கொடுத்தோம். அதிலிருந்து டிவிஆருக்கும் லேப்டாப்புக்கும் போக முடியாது, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக் கருவிகளைத் தொடாமல் நிறுத்திவிடலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் மாமா பெயரில் உள்ள ஒரே இணைப்புதான், மேலே யாராவது தப்பாக ஏதாவது செய்தால் விசாரணை மாமா வாசலுக்குத்தான் வரும் என்பதையும் அக்காவிடம் சொன்னேன். அவள் மாடியேறிப் போய், பையனின் அம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டு, ஒரு சீட்டில் புதுப் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மாமா பீரோவை நகர்த்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்.